தரையில் கால் படாமல் வராண்டாவைக் கடப்பது எப்படி?

ஒரு மாணவி கைகட்டி நின்றபடியே, தரைக்குச் சற்று மேலே மிதந்து பள்ளி வராண்டாவைக் கடக்கிறாள். அவள் பின்னாலேயே புத்தகப் பை தானாக ஊர்ந்து வருகிறது. கயிறும் இல்லை, கணினி வித்தையும் இல்லை. இதன் பெயர் பிக்ஸிலேஷன். பொம்மைக்குப் பதிலாக உயிருள்ள மனிதரையே ஒவ்வொரு படமாக எடுத்துக் கோக்கும் அனிமேஷன். கனடாவின் நார்மன் மெக்லாரன் 1952-ல் எடுத்த ‘நெய்பர்ஸ்’ குறும்படத்தில் இரண்டு ஆட்கள் புல்வெளியில் இப்படித்தான் வழுக்கிப் பறப்பார்கள்.

ரகசியம் குதிப்பதில் இருக்கிறது. 30 செ.மீ. உயரம் குதித்தால் காற்றில் இருக்கும் நேரம் மொத்தமே அரை விநாடிதான். ஆனால் உச்சியில் வேகம் பூஜ்யமாகிவிடுவதால், உடம்பு அங்கே ஒரு கணம் தங்குகிறது. உச்சிக்கு 0.05 விநாடி முன்போ பின்போ படம் எடுத்தாலும் உயரம் சுமார் 1.2 செ.மீ.தான் குறையும். செல்போனின் பர்ஸ்ட் முறையில் விநாடிக்குப் பத்துப் படம் விழுந்தால், உச்சிக்கு அவ்வளவு பக்கத்தில் ஒரு படமாவது சிக்கிவிடும். அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம்.

இப்போது கணக்கு. வராண்டாவில் 6 மீட்டருக்கு, 20 செ.மீ.க்கு ஒரு சாக்பீஸ் புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குதி. பையையும் அதே அளவு நகர்த்த வேண்டும். கிட்டத்தட்ட 30 படம் வரும். விநாடிக்கு 12 பிரேம் என்று வைத்து, ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேம் ஓடவிட்டால் 5 விநாடிக் காட்சி தயார். புறப்படும் இடத்திலும் நிற்கும் இடத்திலும் மட்டும் புள்ளிகளை 5, 10, 15 செ.மீ. என்று நெருக்கி வையுங்கள். இல்லையென்றால் அவள் மெதுவாகக் கிளம்புவதற்குப் பதில் வெடுக்கென்று இழுக்கப்பட்டதுபோல் தெரியும்.

படம் கலங்காமல் இருக்க ஷட்டர் வேகம் 1/500 விநாடியாவது வேண்டும், அதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும். ஆனால் நேர் வெயில் ஆகாது. 30 குதிக்குள் அரைமணி நேரம் ஓடிவிடும், அதற்குள் தூணின் நிழலும் நகர்ந்துவிடும். வெளிச்சம், ஃபோகஸ் இரண்டையும் முதலிலேயே லாக் செய்துவிடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது காட்சி முழுக்க மினுக்கினால் லாக் விட்டுப்போயிருக்கிறது. பின்னால் இருக்கும் தூண் துள்ளினால் யாரோ டிரைபாடைத் தட்டியிருக்கிறார்கள்.

பெரிய சிக்கல் களைப்புதான். இருபதாவது குதியில் உயரம் பாதியாகிவிடும், மிதப்பவள் மெல்லத் தரையிறங்குவாள். பள்ளிச் சுவரில் கீழ்ப்பாதிக்கு அடர்நிறம் பூசிய கோடு இருக்குமே, அதுவே அளவுகோல். முதல் படத்தில் அந்தக் கோடு அவள் உடம்பில் எந்த இடத்தில் ஓடுகிறதோ, அதே இடத்தில் ஓடாத குதியை அப்போதே மறுபடி எடுத்துவிட வேண்டும், அடுத்த புள்ளிக்கு நகர்வதற்கு முன்பு.