அடைத்த கடன் சிபிலில் இன்னும் பாக்கி என்று நின்றால்: 590 ரூபாயைக் கட்டுவதற்கு முன்

வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில் "சார், உங்க பேர்ல ஒரு டூ வீலர் லோன் ஓவர்டியூவா இருக்கே" என்று பேங்க் ஆள் சொல்ல, அதைத்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே முழுசாக அடைத்து, பாக்கி இல்லை என்கிற என்.ஓ.சி வரைக்கும் வாங்கியாச்சே என்று நாம் முழிக்கிற கதை பெங்களூரில் நிறையப் பேருக்கு நடக்கிறது. ஓசூரிலோ சேலத்திலோ கடன் வாங்கி, இங்கே வேலைக்கு வந்த பிறகு முன்கூட்டியே அடைத்து, அட்ரஸும் போன் நம்பரும் மாறிப் போனவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். கம்பெனி அனுப்பிய கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கும், எஸ்.எம்.எஸ் பழைய சிம்முக்குப் போயிருக்கும்.

ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கிற, பீன்யாவில் வேலை பார்க்கிற ஒரு தம்பி. ஓசூரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வண்டிக் கடன் வாங்கியிருந்தார். 2023 மார்ச் 3 அன்று கடனை முன்கூட்டியே முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று கம்பெனி கொடுத்த ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட்டில் இருந்த 31,420 ரூபாயையும் ஒரே தவணையில் கட்டிவிட்டார். மார்ச் 20 அன்று என்.ஓ.சி மெயிலில் வந்தது. ஆனால் நடுவில் மார்ச் 5 அன்று வழக்கமான இ.எம்.ஐ-க்கான ஆட்டோ டெபிட் தன் பாட்டுக்கு அவர் பேங்க் கணக்குக்கு வந்திருக்கிறது, கணக்கில் பணம் இல்லை, பவுன்ஸ். அதற்கு 500 ரூபாயும் ஜி.எஸ்.டி 90 ரூபாயும் சேர்த்து 590 ரூபாய் கம்பெனியின் கணினியில் ஏறிவிட்டது. அந்த 590 நிற்பதால் கடன் கணக்கு மூடவில்லை. மூடாத கணக்கை ஒவ்வொரு மாதமும், நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கிற சிபிலுக்கு 'பாக்கி' என்றே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

2025 மே மாத ரிப்போர்ட்டில் இது எப்படித் தெரிந்தது என்றால், Date Closed காலியாக இருந்தது, Current Balance 590, Amount Overdue 590. இதெல்லாம் சின்ன விஷயம். கீழே மாத வாரியாகக் கட்டம் கட்டமாக இருக்கும் பாருங்கள், Days Past Due என்று, எத்தனை நாள் தாமதம் என்று காட்டுகிற வரிசை, அதில்தான் விஷம். 2023 பிப்ரவரி வரை எல்லாம் 000. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ஏறி ஏறி எண்ணூறைத் தாண்டி நிற்கிறது. வீட்டுக் கடன் கொடுக்கிற பேங்குக்கு 590 ரூபாய் பெரிய தொகையா என்ன? எண்ணூறு நாளாகக் கடன் கட்டாத ஆள் என்பதுதான் அவர்கள் கண்ணில் படும்.

இந்த இடத்தில் எல்லாரும் செய்வது, கம்பெனிக்குப் போன் போடுவது. அங்கே பேசுகிறவர் நல்ல மனுஷராகவே, "அண்ணா, 590 ரூபாய்தானே, கட்டிடுங்க, பதினஞ்சு நாள்ல க்ளோஸ்னு வந்துடும்" என்பார். அவசரத்தில் நாமும் கட்டிவிடுவோம். கட்டாதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம், குறைந்தபட்சம் அப்படியே கட்டாதீர்கள். ஏன் என்றால், இன்றைக்குக் கட்டினால் கணக்கு இன்றைய தேதியில் மூடும். அப்போது அந்த எண்ணூறு நாள் தாமதம் பிழை இல்லை, உண்மை என்று ஆகிவிடும், நாமே பணம் கட்டி ஒப்புக்கொண்ட மாதிரி. Date Closed 2025 ஜூன் என்று வரும், மேலே உள்ள கட்டங்கள் அப்படியே இருக்கும். சிபில் ரிப்போர்ட்டில் இந்த வரிசை 36 மாதத்துக்குத் தெரியும்.

இன்னும் மோசம், வசூல் ஏஜென்ட் யாராவது "300 ரூபாய்க்கு செட்டில் பண்ணித் தர்றேன்" என்று சொல்லி அதை நாம் ஏற்பது. அப்படி முடித்தால் கணக்கின் நிலை Settled என்று பதியக்கூடும். முழுதாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தார் என்று அதற்கு அர்த்தம். Closed என்பதும் அதுவும் கடன் கொடுப்பவர் கண்ணில் ஒன்றல்ல.

ஆக, கேட்க வேண்டியது 'கணக்கை மூடுங்கள்' என்பது இல்லை. மூன்றைக் கேட்க வேண்டும். Date Closed 2023 மார்ச் 3 என்று போடு, Current Balance-உம் Amount Overdue-உம் பூஜ்யமாக்கு, 2023 மார்ச்சிலிருந்து ஏறியிருக்கிற Days Past Due கட்டங்களைத் திருத்து. இந்த மூன்றாவதைக் கேட்க நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள், கம்பெனியும் முதல் இரண்டை மட்டும் திருத்திவிட்டு 'ரிசால்வ்ட்' என்று மெயில் போட்டுவிடும்.

இதற்கு ஆதாரமாக வைக்க வேண்டியவை: ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட் (எந்தத் தேதி வரை செல்லும், மொத்தம் எவ்வளவு என்று இருப்பது), அந்தத் தொகை போனதைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட் பக்கம், என்.ஓ.சி. இதில் தேதிதான் நம் பலம். 5-ஆம் தேதி விழுந்த பவுன்ஸ் சார்ஜ், 3-ஆம் தேதியே முழுதாக அடைத்த கடனுக்கு எப்படி வரும்? அதற்குப் பிறகு பாக்கி எதுவும் இல்லை என்று 20-ஆம் தேதி அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என்.ஓ.சி கையில் இல்லாதவர்கள் முதலில் கம்பெனியிடம் லோன் அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட் முழுவதையும் கேட்டு வாங்குங்கள், அதைப் பார்த்தால்தான் பாக்கி எந்தத் தேதியில் எந்தப் பெயரில் முளைத்தது என்று தெரியும். சில நேரம் நாம்தான் ஸ்டேட்மென்ட் காலாவதியான பிறகு பழைய தொகையைக் கட்டியிருப்போம், இடைப்பட்ட நாட்களின் வட்டி உண்மையிலேயே பாக்கியாக இருக்கும். அப்படி என்றால் அது பிழை அல்ல, கட்டித்தான் ஆக வேண்டும்.

சரி, யாரிடம் சொல்வது? சிபில் தனக்கு வந்ததைப் பதிகிற இடம்தான், கடன் கொடுத்த நிறுவனம் உறுதி செய்யாமல் அது எதையும் மாற்றாது. அதனால் ரெண்டு பக்கமும் ஒரே நாளில் புகார் போடுங்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில், சிபில் தளத்தில் டிஸ்ப்யூட். ரெண்டுக்கும் காசு கிடையாது, "சிபில் சரி பண்ணித் தர்றோம்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கிற ஏஜென்ட்டுகள் செய்யப்போவதும் இதே ஃபார்மை நிரப்புவதுதான். மெயிலில் கடன் எண், ரிப்போர்ட்டில் எந்த இடத்தில் என்ன தப்பாக இருக்கிறது, என்னவாக இருக்க வேண்டும், இவ்வளவு போதும். கோபத்தை அதில் கொட்டினால் முக்கியமான வரி புதைந்துவிடும். போனில் பேசியதைக் கணக்கில் வைக்காதீர்கள், தேதி போட்ட புகார் எண் வேண்டும், ஏனென்றால் கடிகாரம் அங்கிருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.

அந்தக் கடிகாரம் இதுதான். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி திருத்தம் கேட்பது நம் உரிமை. 2023 அக்டோபர் 26 அன்று ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை, 2024 ஏப்ரல் 26 அன்று நடைமுறைக்கு வந்தது, இதற்கு ஒரு விலையும் வைத்தது. புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தீர்க்கவில்லை என்றால் அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும். ஞாயிறு, பண்டிகை எல்லாம் சேர்த்துத்தான் நாள் கணக்கு. அந்த 30-க்குள் கடன் கொடுத்த நிறுவனம் 21 நாளில் சரியான தகவலை அனுப்ப வேண்டும், அனுப்பாமல் தாமதித்தால் பணம் தர வேண்டியது அது. அனுப்பியும் ரிப்போர்ட்டை மாற்றாமல் விட்டது சிபில் என்றால் சிபில் தர வேண்டும்.

நம்ம தம்பி ஜூன் 3 அன்று புகார் போட்டார் என்று வையுங்கள். 30 நாள் ஜூலை 3-ல் முடிகிறது. ஜூலை 12-ல்தான் திருத்தம் வந்தது என்றால் ஒன்பது நாள், 900 ரூபாய். புகார் தீர்ந்து ஐந்து வேலை நாளுக்குள் அவர் பேங்க் கணக்கில் அது விழ வேண்டும். 900 ரூபாயில் வீடு வாங்க முடியாதுதான், ஆனால் நாள் கணக்கை எழுதி மெயில் போட்டால் அதுவரை கிணற்றில் போட்ட கல்லாக இருந்த புகார் கொஞ்சம் அசையும். ஒன்று, ஸ்கோர் ஏன் குறைவு, எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்ற சண்டைக்கெல்லாம் இந்த நஷ்ட ஈடு கிடையாது, தகவல் பிழைக்கு மட்டும்தான்.

திருத்த முடியாது என்று சொன்னால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டிய கடமையும் அவர்களுக்கு உண்டு. 'எங்கள் பதிவுப்படி சரியாகவே உள்ளது' என்ற ஒற்றை வரி வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த படிக்கு அதுவே ஆவணம். பதிலே வராமல் 30 நாள் போனாலும், வந்த பதில் திருப்தி இல்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் cms.rbi.org.in வழியாகப் புகார் போடலாம். கடன் ஓசூரில், நான் பெங்களூரில், எந்த ஊர் ஆபீஸ் என்ற குழப்பம் வேண்டாம், எல்லாப் புகாரும் ஒரே தளத்தில்தான் போகும். சந்தேகம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. 2022 செப்டம்பர் முதல் சிபில் போன்ற நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் செய்யலாம், அதனால் கடன் கொடுத்தது ஆம்புட்ஸ்மன் வரம்புக்குள் வராத மிகச் சிறிய ஃபைனான்ஸாக இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் முதல் புகாரைப் போடாமல் நேராக ஆம்புட்ஸ்மனிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆப் வழியாகக் கடன் வாங்கியவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. ஆப்பின் பெயர் ஒன்று, ரிப்போர்ட்டில் இருக்கிற கம்பெனி பெயர் வேறு. கடனை உண்மையில் கொடுத்தது ஏதோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி, ஆப் இடைத்தரகு. கடன் ஒப்பந்தத்தில் அந்தப் பெயர் இருக்கும், புகார் அங்கே போக வேண்டும். இதைப் பார்க்காமல் "இந்த கம்பெனியில நான் கடனே வாங்கல" என்று டிஸ்ப்யூட் போட்டால் அவர்கள் ஒப்பந்தத்தைக் காட்டிப் புகாரை மூடிவிடுவார்கள்.

'ரிசால்வ்ட்' என்று மெயில் வந்ததும் புது ரிப்போர்ட் ஒன்று எடுத்து அந்த மூன்று இடத்தையும் பாருங்கள். சிபில் மட்டும் பார்த்தால் போதாது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன, பேங்க் இதில் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். நான்கிலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. 2025 ஜனவரியிலிருந்து நிறுவனங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்புவதால் திருத்தம் முன்பைவிடச் சீக்கிரம் தெரிகிறது, ஆனால் கம்பெனியின் சொந்தக் கணினியில் அந்த 590 நீங்காமல் இருந்தால் அடுத்த முறை தகவல் போகும்போது பழைய பாக்கி திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். அதனால் கடன் கணக்கில் பாக்கி பூஜ்யம் என்று காட்டும் புது லோன் ஸ்டேட்மென்ட்டையும் கேட்டு வாங்கி, அதையும் புது ரிப்போர்ட்டையும் சேர்த்தே வீட்டுக் கடன் பேங்கில் கொடுங்கள்.