அம்புக்குறி எங்கே தொடங்குகிறது? சட்டையின் தட்டை வரைபடத்தைப் படிக்கும் முறை

ஆண்களுக்கான முழுக்கைச் சட்டை ஒன்றின் முதல் சாம்பிள், உடல் நீளம் 2.5 செ.மீ. கூடிவிட்டது என்ற குறிப்போடு எங்கள் சாம்பிள் அறைக்குத் திரும்பி வந்தது. அளவுத் தாளில் உடல் நீளம் 76 செ.மீ. என்று அச்சாகியிருந்தது, துணி வெட்டுவதற்கான அச்சான பேட்டர்னைப் போட்ட இளைஞரும் 76 செ.மீ. வைத்தே போட்டிருந்தார், இன்ச் டேப்பை வைத்து எங்களிடம் அளந்து காட்டியபோதும் அவருக்கு 76 தான் வந்தது. அவர் டேப்பின் முனையை வைத்த இடம் தோள் தையல். வரைபடத்தில் அம்பு தொடங்கிய இடமோ அதற்கு மேலே இருந்தது. அந்தப் பேட்டர்னைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான். எண்ணை மட்டும் பார்த்து, அம்பைப் பார்க்காமல் கையெழுத்திட்டிருந்தேன்.

ஆடையை எப்படித் தைக்க வேண்டும் என்ற விவரங்களின் தொகுப்பான டெக் பேக்கில் வரும் தட்டை வரைபடம், ஆடையை மேசைமீது சுருக்கமில்லாமல் விரித்து வைத்து நேர் மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரையப்படுவது. அதில் உடல் இல்லை, துணியின் தொங்கலோ நிழலோ இல்லை. முன்புறமும் பின்புறமும் கட்டாயம் இருக்கும். காலர், கஃப் போன்றவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் சிறு படங்களும் பெரும்பாலும் இருக்கும். அளவுகள் தனி அட்டவணையாக வரும்போது, ஒவ்வோர் அளவுக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ கொடுத்து அதே அடையாளத்தை வரைபடத்து அம்பின்மீதும் எழுதியிருப்பார்கள். பலர் அட்டவணையைப் படித்துவிட்டு வரைபடத்தை அழகுக்காகப் பார்க்கிறார்கள். என் வழக்கம் நேர்மாறானது: முதலில் அம்பின் இரு முனைகளையும் பார்த்து, எதிலிருந்து எதுவரை என்று ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்த பிறகே எண்ணைத் தொடுகிறேன்.

அந்தச் சட்டையின் உடல் நீள அம்பு எச்.பி.எஸ். என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கியது. தோளின் மிக உயர்ந்த புள்ளி என்பது இதன் பொருள். ஆடையை இயல்பாக விரித்து வைக்கும்போது, தோள் மடிகிற கோடு காலர் தையலைச் சந்திக்கும் இடம். சாதாரண டி-சட்டையில் தோள் தையல் பெரும்பாலும் அந்த மடிப்பின்மீதே உட்காருவதால் இரண்டும் ஒன்றுதான் என்ற பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது. தோள்பகுதியில் தனித் துண்டாக யோக் வைத்த சட்டையில் பின்புற யோக் தோளைத் தாண்டி முன்பக்கம் இறங்கி வரும். எங்கள் வரைபடத்தின் முன்புறத் தோற்றத்தில், தோளின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு தொடர்கோடு ஓடியது. அதுதான் தோள் தையல். எச்.பி.எஸ்.ஸிலிருந்து 2.5 செ.மீ. முன்னே என்று அருகில் சிறு எழுத்தில் குறிப்பும் இருந்தது. தோள் தையலிலிருந்து 76 செ.மீ. அளந்தால், எச்.பி.எஸ்.ஸிலிருந்து 78.5 செ.மீ. ஆகிவிடும். திரும்பி வந்த சாம்பிளின் கூடுதல் நீளம் மில்லிமீட்டர் பிசகாமல் அங்கேதான் இருந்தது.

பின் கழுத்து நடுவிலிருந்து அளப்பதும் இதே வகைப் பிழையைத் தரும். பின் கழுத்து எச்.பி.எஸ். மட்டத்தைவிடச் சுமார் 2 செ.மீ. இறங்கியிருந்தால், அதே 76 என்ற எண் 2 செ.மீ. நீளமான வேறொரு சட்டையைக் கொடுக்கும். அம்பின் கீழ்முனையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். கீழ் விளிம்பு வளைந்த சட்டையில், எச்.பி.எஸ்.ஸிலிருந்து நேராக இறங்கி விளிம்பைத் தொடும் இடமும் விளிம்பின் மிகத் தாழ்ந்த இடமும் ஒன்றல்ல. அம்பு எந்த மட்டத்தில் நிற்கிறது, அங்கிருந்து பக்கவாட்டில் ஒரு துணைக்கோடு இழுத்திருக்கிறார்களா என்பதை வைத்தே இதை முடிவு செய்ய முடியும்.

குறுக்களவுகளில் பிழை வேறு வடிவத்தில் வரும். மார்பு 56 செ.மீ. என்றிருந்தால் அது விரித்து வைத்த ஆடையின் ஒரு பக்க அகலம். முழுச் சுற்றளவு 112. இதை யாரும் தவறாகப் படிப்பதில்லை. ஆனால் அந்த அம்பு அக்குள் தையல்கள் கூடும் புள்ளியில் இருக்கிறதா, அதற்கு 2.5 செ.மீ. கீழே இருக்கிறதா என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காலரில் நிலைமை தலைகீழ். காலர் 40 செ.மீ. என்பது பாதி அளவன்று, முழு அளவு. அதுவும் எங்கள் வரைபடத்தில் பட்டனின் நடுவிலிருந்து காஜாவின் நடுவரை அம்பு போட்டிருந்தார்கள். பட்டனுக்கு வெளியே 1.5 செ.மீ.யும் காஜாவுக்கு வெளியே 1.5 செ.மீ.யும் இருந்தால், காலர் பட்டியின் மொத்த நீளம் 43 செ.மீ. ஆக வேண்டும். மொத்த நீளத்தையே 40 என்று வைத்துத் தைத்திருந்தால், பட்டன் போட்ட பிறகு கழுத்துக்குக் கிடைப்பது 37 செ.மீ. மட்டுமே. ஒரே தாளில் மார்பு பாதியாகவும் காலர் முழுதாகவும் இருப்பது முரண்பாடு போலத் தோன்றினாலும், தொழிலில் இது சாதாரணம்.

பாக்கெட்டின் இடத்தைக் காட்டும் அம்பு, எல்லாவற்றையும்விட எளிதில் ஏமாற்றும். எச்.பி.எஸ்.ஸிலிருந்து 20 செ.மீ. கீழே, முன் நடுவிலிருந்து 6.5 செ.மீ. என்று எங்கள் தாளில் இருந்தது. முன் நடு என்பது பட்டன் பட்டியின் விளிம்பு இல்லை. பட்டன்களின் நடுவே ஓடும் கற்பனைக் கோடு. வரைபடத்தில் அது பெரும்பாலும் நீண்ட கோடும் புள்ளியும் மாறி மாறி வரும் மெல்லிய கோடாக இருக்கும். பட்டியின் அகலம் 3.5 செ.மீ. என்றால் அதன் விளிம்பு முன் நடுவிலிருந்து 1.75 செ.மீ. தள்ளி இருக்கிறது. எனவே பட்டியின் விளிம்பிலிருந்து பாக்கெட்டுக்கு உள்ள தூரம் 4.75 செ.மீ. தைப்பவருக்கு இந்த இரண்டாவது எண்ணைத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏனென்றால் தையல் மேசையில் அவர் கையால் தொடக்கூடியது பட்டியின் விளிம்பு மட்டுமே. இடது, வலது என்ற சொற்கள் அணிபவரின் பக்கத்தைக் குறிக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். முன்புறத் தோற்றத்தில் இடது மார்புப் பாக்கெட் நம் வலக்கைப் பக்கமாகத் தெரியும்.

கோடுகளின் வகையைப் படிப்பது அளவைப் படிப்பதைவிட நுட்பமானது என்பது என் கருத்து. பொதுவாகத் தொடர்கோடு, ஆடையின் விளிம்பையோ இரண்டு துண்டுகள் இணையும் தையலையோ குறிக்கும். விட்டுவிட்டு வரும் கோடு வெளியே தெரியும் மேல்தையலைக் குறிக்கும். ஒரு தொடர்கோட்டின் எந்தப் பக்கத்தில் மேல்தையல் கோடு வரையப்பட்டிருக்கிறதோ, உள்ளே தையல் அலவன்ஸ், அதாவது தையல் கோட்டுக்கு அப்பால் விடும் கூடுதல் துணி, அந்தப் பக்கமாகத்தான் மடிந்திருக்கிறது. யோக் தையலுக்கு மேலே விட்டுவிட்டு வரும் கோடு இருந்தால், அலவன்ஸ் யோக்கை நோக்கி மேலே போகிறது என்று பொருள்.

இதனால் பேட்டர்னே மாறும். எங்கள் சட்டையில் கை இணையும் ஆர்ம்ஹோலில், தையலுக்கு உடல் பக்கமாக 1 செ.மீ. தள்ளி ஒரு மேல்தையல் காட்டப்பட்டிருந்தது. பேட்டர்னில் அங்கே கொடுத்திருந்த அலவன்ஸ் 0.7 செ.மீ. அந்த அலவன்ஸ் உடல் பக்கம் மடிந்தாலும் 1 செ.மீ. தொலைவில் ஓடும் ஊசிக்குக் கீழே அது இருக்காது. மேல்தையல் ஒற்றைத் துணியில் ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் தையல் ஒழுங்காகத்தான் இருந்தது. சட்டையை உள்பக்கம் திருப்பியபோது, அலவன்ஸ் எதிலும் பிடிபடாமல் மடிந்து எழுந்து நின்றது. 1 செ.மீ. மேல்தையல் வேண்டுமென்றால் அது விழும் பக்கத்து அலவன்ஸ் குறைந்தது 1.2 அல்லது 1.3 செ.மீ. இருக்க வேண்டும். நீளப் பிழையைத் தேடிப் போன இடத்தில்தான் இந்த இரண்டாவது பிழை கண்ணில் பட்டது. நீளம் சரியாக வந்திருந்தால் இது மொத்த உற்பத்திவரை போயிருக்கக்கூடும்.

விட்டுவிட்டு வரும் கோடு எல்லா இடத்திலும் மேல்தையல் என்றும் சொல்லிவிட முடியாது. உள்ளே மறைந்திருக்கும் பாக்கெட் பையின் வடிவத்தையும் சிலர் இதே கோட்டால் காட்டுவார்கள். அங்கே ஒரு குறிப்புக்கோடு இழுத்து எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் கேட்டுவிட வேண்டும். வரைபடத்தில் அறவே தெரியாத தையல்களும் உண்டு. பக்கத் தையல் ஆடையின் வெளிவிளிம்பாகவே வரையப்படுவதால், அது எப்படித் தைக்கப்பட்டது என்பதை எழுத்துக் குறிப்பு மட்டுமே சொல்லும். அக்குறிப்புகளில் வரும் மூன்றிலக்க எண்கள் ஐ.எஸ்.ஓ. 4915 என்ற தரநிலையின் தையல் வகை எண்கள். 301 என்றால் சாதாரண லாக் ஸ்டிச். 504 என்றால் மூன்று நூல் ஓவர்லாக். 516 என்றால் ஓவர்லாக்கும் செயின் ஸ்டிச்சும் ஒன்றாக ஓடும் ஐந்து நூல் சேஃப்டி ஸ்டிச். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதும் அதே வரியில் இருக்கும். அங்குலத்துக்கு 12 என்பதைச் செ.மீ.க்கு 12 என்று யாரும் படிக்கக் கூடாது என்பதற்காக, நான் பக்கத்திலேயே செ.மீ.க்கு ஏறத்தாழ 5 என்று பென்சிலால் எழுதிவிடுவேன்.

வரைபடத்தின்மீது அளவுகோல் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பெரும்பாலான தட்டை வரைபடங்கள் துல்லியமான விகிதத்தில் வரையப்படுவதில்லை. கண்ணுக்குப் பொருத்தமாகத் தெரிந்தால் போதும் என்றுதான் வரைகிறார்கள். படமும் எண்ணும் மோதினால் பொதுவாக எண்ணே நிற்கும். ஆனால் மோதல் பெரிதாக இருந்தால், எண்ணிலேயே அச்சுப்பிழை இருக்கலாம் என்று சந்தேகிக்கப் படம் உதவும்.

அட்டவணையில் இருப்பது தைத்து முடித்த ஆடையின் அளவு. அலவன்ஸ் அதில் சேராது. சலவைக்குப் பிந்தைய அளவு என்று எழுதியிருந்தால் சுருக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நீளவாக்கில் 3 சதவீதம் சுருங்கும் துணிக்கு, 76 செ.மீ. கிடைக்க 76ஐ 0.97ஆல் வகுத்து, ஏறக்குறைய 78.4 செ.மீ. பேட்டர்னில் வைக்க வேண்டும். 76உடன் அதன் 3 சதவீதத்தைக் கூட்டினால் 78.3 வரும்; இந்தச் சட்டையில் வித்தியாசம் அற்பம், சுருக்கம் 8 சதவீதத்தைத் தொடும் துணியில் அற்பமாக இராது.

இரண்டாவது சாம்பிளுக்கு முன், அந்த இளைஞரும் நானும் வரைபடத்தை மேசையில் விரித்து, பதினெட்டு அம்புகளுக்கும் முனைகளைச் சொல்லிக்கொண்டே போனோம். கஃப் அகலம் பட்டன் போட்ட நிலையிலா, திறந்த நிலையிலா என்பதை மட்டும் எங்களால் படத்திலிருந்து தீர்மானிக்க முடியவில்லை. முதல் சாம்பிளின் கஃபை இரண்டு நிலைகளிலும் வைத்துப் படம் எடுத்து, ஒவ்வொன்றின்மீதும் டேப்பின் இரு முனைகளையும் குறித்து, எது சரி என்று ஒரே வரியில் கேட்டு வாங்குபவருக்கு அனுப்பினோம். திறந்த நிலைதான் என்று மறுநாள் பதில் வந்தது; அதன் பிறகே துணியில் கத்தரி வைத்தோம்.