ஒரே அறை, ஆறு விண்ணப்பங்கள்: எதற்கு முதலில் இடம்?

நான் மென்பொருள் எழுதுபவன். எங்கள் வட்டாரத்தில் ஒரு தொண்டூழியக் குழுவுக்காக, அறை முன்பதிவைப் பார்த்துக்கொள்ளும் சின்ன நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமைகளில் இருப்பது ஒரே அறை. அதில் முடிந்த அளவு அதிக நிகழ்ச்சிகள் நடக்க வேண்டும் என்பது மட்டுமே குழு கேட்டது.

ஒரு சனிக்கிழமை வந்த விண்ணப்பங்கள் இவை. நாட்டிய ஒத்திகைக்குக் காலை 9 முதல் மாலை 3 வரை. தமிழ் வகுப்புக்கு 9.30 முதல் 11 வரை. யோகாவுக்கு 11 முதல் 12.30 வரை. மூத்தோருக்கான சுகாதாரப் பேச்சுக்கு 12 முதல் 1 வரை. பட்டிமன்ற ஒத்திகைக்கு 12.30 முதல் 3 வரை. பிறந்தநாள் விருந்துக்கு 3 முதல் 6 வரை.

“தம்பி, நாட்டியக்காரங்கதானே முதல்ல ஆரம்பிக்கிறாங்க, அவங்களுக்கே கொடுத்துடலாமே” என்றார் குழுவில் இருந்த அக்கா. அப்படிக் கொடுத்தால் அறை 3 மணிவரை பூட்டிக்கொள்ளும். அப்புறம் விருந்து ஒன்றுதான், ஆக மொத்தம் இரண்டு. சரி, மிகக் குறுகியதை முதலில் எடுப்போமா? சுகாதாரப் பேச்சு ஒரு மணி நேரம்தான். ஆனால் அது யோகாவின் வாலையும் பட்டிமன்றத்தின் தலையையும் வெட்டிவிடுகிறது. தமிழ் வகுப்பு, பேச்சு, விருந்து என்று மூன்றே தேறும்.

எது சீக்கிரம் முடிகிறதோ அதை எடுத்துக்கொண்டே போனால் தமிழ் வகுப்பு, யோகா, பட்டிமன்றம், விருந்து என நான்கு நிகழ்ச்சிகள் நடக்கும். நிரலும் இவ்வளவுதான் (நேரங்கள் நிமிடக் கணக்கில்):

```python
def choose(reqs):
    free = 0
    picked = []
    for start, end in sorted(reqs, key=lambda r: r[1]):
        if start >= free:
            picked.append((start, end))
            free = end
    return picked
```

நான்கு கிடைத்துவிட்டதால் முறை சரி என்று ஆகிவிடாது. ‘குறைந்த மோதல் உள்ளதை முதலில் எடு’ என்ற விதியும் இந்தப் பட்டியலில் நான்கைத்தான் தருகிறது. ஆனால் அது தவறான விதி. நான்கு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக இருக்கட்டும். முதல் இரண்டின் எல்லையில் மூன்று விண்ணப்பங்கள், கடைசி இரண்டின் எல்லையில் மூன்று, நடு எல்லையில் ஒன்று, எல்லாம் குறுக்கே விழட்டும். நடுவில் இருப்பதற்கு இரண்டே மோதல்தான், மற்ற எல்லாவற்றுக்கும் மூன்றோ நான்கோ. அதனால் அந்த விதி நடுவில் இருப்பதை எடுத்து, மூன்றோடு நின்றுவிடும். நான்கு சாத்தியமாக இருந்தும் கிடைக்காது.

அதனால்தான் நிரூபணம் தேவைப்படுகிறது. சீக்கிரம் முடிவதை எடுக்கும் முறைக்கான நிரூபணம் ஓர் இடமாற்றம்தான். யாரோ ஒருவர் மோதலில்லாத ஒரு பட்டியலைக் கொண்டுவருகிறார். அதுவே மிகச் சிறந்தது என்றும் சொல்கிறார். அதில் முதலில் முடியும் நிகழ்ச்சியை நீக்கிவிட்டு, நம் தமிழ் வகுப்பை அங்கே வைப்போம். எல்லா விண்ணப்பங்களிலும் முதலில் முடிவது தமிழ் வகுப்பு. ஆகவே நீக்கியது 11 மணிக்கோ அதற்குப் பிறகோதான் முடிந்திருக்கும். அவர் பட்டியலில் மீதி எல்லாம் அது முடியும்போதோ அதற்குப் பிறகோதான் தொடங்குகின்றன. எனவே தமிழ் வகுப்பு எதனோடும் மோதாது, எண்ணிக்கையும் குறையாது. அக்காவின் ‘நாட்டியம், விருந்து’ பட்டியலில் இதைச் செய்தால் ‘தமிழ் வகுப்பு, விருந்து’ ஆகும். அதே இரண்டுதான், ஆனால் 11 முதல் 3 வரை காலியாகிறது.

ஆக, தமிழ் வகுப்பைக் கொண்ட ஒரு சிறந்த பட்டியல் கட்டாயம் உண்டு. இனி 11 மணிக்கோ அதற்குப் பிறகோ தொடங்குபவை மட்டுமே மிஞ்சும். அது இதே கேள்விதான், கொஞ்சம் சிறியது, அதே வாதம் அங்கும் செல்லும். இப்படி அந்தந்த அடியில் சிறந்ததை எடுத்துக்கொண்டே போகும் கிரீடி முறை பின்னால் திரும்பிப் பார்க்காமல் போகலாம் என்பதற்கு ஆதாரம் இதுதான்.

எனக்கு உண்மையில் இடறியது வேறு இடம். முதல் பதிப்பில் `>=` என்பதற்குப் பதில் `>` என்று எழுதிவிட்டேன். 11 மணிக்கு முடியும் வகுப்பும் 11 மணிக்குத் தொடங்கும் யோகாவும் மோதுவதாக நிரல் நினைத்தது, நான்கு மூன்றாகிவிட்டது. எட்டுப் பத்து விண்ணப்பங்கள் கொண்ட பட்டியல்களைச் சீரற்ற முறையில் உருவாக்கி, எல்லாக் கூட்டுகளையும் முயன்று பார்க்கும் மெதுவான நிரலோடு ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. பத்து விண்ணப்பங்களுக்கு 1024 கூட்டுகள், கணினிக்கு அது ஒன்றுமில்லை. துப்புரவுக்கு 15 நிமிடம் வேண்டும் என்றால் ஒவ்வொரு முடிவு நேரத்தோடும் 15 கூட்டினால் போதும், நிரூபணம் அப்படியே நிற்கும்.

வாடகை உள்ளே வந்தால் நிற்காது. நாட்டியக் குழு 600 வெள்ளி தருகிறது, மற்ற ஒவ்வொன்றும் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நிகழ்ச்சிக்கு 320, நாட்டியமும் விருந்துமாக 680. நாட்டியத்தை எடுத்துவிட்டு வகுப்பை வைத்தால் எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் 520 வெள்ளி போய்விட்டது. இடமாற்றம் உடைந்தது அந்த அடியில்தான். அப்போது ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ‘எடுத்தால் எவ்வளவு, விட்டால் எவ்வளவு’ என்று கணக்கிட்டு அட்டவணை போட்டுக்கொண்டு வரும் டைனமிக் புரோகிராமிங் வேண்டும். குழு பின்னர் வாடகை வசூலிக்கத் தொடங்கியபோது, நான் அந்த `choose` முழுவதையும் அப்படித்தான் மாற்றி எழுதினேன்.