எலி விஷம் தின்ற நாய் இரண்டு நாள் நன்றாகவே இருக்கும்

எலி விஷக் கட்டியை நாய் கடித்துத் தின்றுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் பதற்றம், நாய்க்கு மட்டும் இல்லை. ராத்திரி வழக்கம்போலச் சாப்பிடுகிறது. மறுநாள் பந்தைத் துரத்துகிறது. அதற்கடுத்த நாளும் வாலாட்டிக்கொண்டுதான் நிற்கிறது. "விஷம் பழசா இருந்திருக்கும், வீரியம் போயிருக்கும்" என்று வீடே நிம்மதியாகிவிடுகிறது. நான்காம் நாள் நாய் மூலையில் சுருண்டு படுத்து மூச்சிரைக்கிறது. ஈறு வெளுத்திருக்கிறது. மாத்திரையிலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம், இப்போது ரத்தம் ஏற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது.

விஷம் மெதுவானது என்பதால் மட்டும் இந்த இடைவெளி வருவதில்லை. தின்ற சில மணி நேரத்திலேயே அது கல்லீரலில் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அந்த வேலையின் விளைவுதான் தாமதமாக வெளியே தெரிகிறது.

ரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களில் நான்கு, அதாவது 2, 7, 9, 10 என்று எண்ணிடப்பட்ட உறைதல் காரணிகள், கல்லீரலில் தயாராகின்றன. அவை செயல்படும் நிலைக்கு வர விட்டமின் கே வேண்டும். உடலில் விட்டமின் கே இருப்பு மிகக் குறைவு. ஆனாலும் தட்டுப்பாடு வருவதில்லை, ஏனென்றால் ஒருமுறை பயன்பட்ட விட்டமினை ஒரு நொதி மறுபடி பழைய வடிவத்துக்குத் திருப்பிவிடுகிறது. ரத்த உறைவைத் தடுக்கும் வகை எலி விஷங்கள் பிடித்துக்கொள்வது இந்த நொதியைத்தான். சுழற்சி நின்றதும் இருக்கும் கொஞ்சம் விட்டமினும் தீர்ந்துபோகிறது. அதன் பிறகு கல்லீரல் தயாரிக்கும் காரணிகள் எதற்கும் உதவாத அரைகுறைப் புரதங்களாகவே வெளிவருகின்றன.

ஆனால் விஷம் உள்ளே போவதற்கு முன்பே தயாரான நல்ல காரணிகள் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றனவே! நாய் அந்தக் கையிருப்பை வைத்துத்தான் இரண்டு, மூன்று நாள் ஓட்டுகிறது. முதலில் தீர்வது 7-ஆம் காரணி. நாயின் ரத்தத்தில் ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைகிறது. அதனால்தான் நாய் பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே 48 மணி நேரத்தில் ரத்தப் பரிசோதனை கோளாறைக் காட்டிவிடுகிறது. வெளியே தெரியும் அறிகுறிகள் பெரும்பாலும் 3 முதல் 7 நாட்களுக்குள் வரும்.

எலியைக் கொல்ல நினைப்பவர்களுக்கு இந்தத் தாமதம் வசதியாகப் போயிற்று. தின்றவுடன் வயிறு வலித்தால் எலி அந்தப் பண்டத்தை மறுபடி தொடாது. நாலு நாள் கழித்துச் சாகும் எலிக்கோ எதனால் என்று புரிய வழியே இல்லை. இந்த வகை விஷம் முதலில் தெரியவந்தது மாடுகளால்தான். கெட்டுப்போன இனிப்பு குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தக் கசிவால் சாவதை 1920-களில் வட அமெரிக்காவில் கவனித்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க்கின் ஆய்வகம் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியாக வந்த வார்ஃபரின் 1948-இல் எலி விஷமாகச் சந்தைக்கு வந்தது. எலிகளில் சில அதற்குப் பழகிவிடவே, புரோடிஃபாகூம், புரோமடயோலோன் போன்ற இரண்டாம் தலைமுறை விஷங்கள் உருவாக்கப்பட்டன. இவை கல்லீரலில் வாரக்கணக்கில் தங்கும். நாய் விஷயத்தில் பெரிய தலைவலி இதுதான்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 கிலோ எடையுள்ள நாய், 0.005 சதவீத புரோடிஃபாகூம் கட்டியில் 40 கிராம் தின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் கட்டியில் 0.05 மி.கி. விஷம் இருக்கும். 40 கிராமில் 2 மி.கி. அதாவது நாயின் எடையில் கிலோவுக்கு 0.2 மி.கி. நாய்களைக் கொல்லக்கூடிய அளவு கிலோவுக்கு சுமார் 0.25 மி.கி.யிலிருந்தே தொடங்குவதாகப் பதிவாகியிருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போயிருந்தாலே மருத்துவர்கள் சும்மா விடமாட்டார்கள். இந்த நாயோ விளிம்பிலேயே நிற்கிறது. எண்ணைப் பார்த்து "0.005 சதவீதம்தானே" என்று நினைப்பது தவறு.

இந்தக் கணக்குக்கு மூன்று விவரங்கள் வேண்டும்: எந்த விஷம், எத்தனை சதவீதம், கட்டியில் எவ்வளவு குறைகிறது. எனவே உரிமையாளர் முதலில் செய்ய வேண்டியது, மிச்சம் இருப்பதை நாயின் வாயிலிருந்தும் பக்கத்திலிருந்தும் அகற்றிவிட்டு, உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் கிளம்புவது. உறையில் இருக்கும் வணிகப் பெயர் போதாது, செயல்படும் பொருளின் பெயர்தான் முக்கியம். அதிலும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். புரோமடயோலோனுக்கு விட்டமின் கே மாற்று மருந்து. கேட்பதற்குக் கிட்டத்தட்ட அதேபோல இருக்கும் புரோமெத்தலின் மூளையை வீங்கச் செய்யும் வேறு வகை விஷம், அதற்கு விட்டமின் கே எந்தப் பயனும் தராது. அவசரத்தில் போனில் சொல்லும்போது இந்த இரண்டும் மாறிப்போவது சுலபம்.

வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்கலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். உப்புக் கரைசலை வாயில் ஊற்றினால் வாந்தி வராமல் போனாலும் உப்பு ரத்தத்தில் ஏறும், அதுவே வலிப்பு வரவழைத்துக் கொல்லக்கூடியது. சோர்ந்து கிடக்கும் நாய்க்கு வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போகும். மருத்துவரிடம் இதற்கென்றே ஊசி மருந்து இருக்கிறது. தின்ற சுமார் 4 மணி நேரத்துக்குள் போய்விட்டால் கணிசமான பகுதியை அவரால் வெளியே எடுத்துவிட முடியும்.

பால், ரொட்டி என்று எதையாவது கொடுத்து "விஷத்தை முறிக்கும்" பழக்கமும் ஆகாது. உறைவுத் தடுப்பு விஷத்தை அது முறிப்பதில்லை. தின்றது துத்தநாக பாஸ்பைடு என்ற வேறு வகை எலி விஷமாக இருந்தால் நிலைமை மோசமாகும். அந்தச் சாம்பல் நிறப் பொடி வயிற்று அமிலத்தில் பட்டுப் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடுகிறது. உணவு போனால் அமிலம் இன்னும் சுரக்கும், வாயு இன்னும் பெருகும். இந்த விஷம் நாள் கணக்கில் காத்திருக்காது, சில மணி நேரத்துக்குள் தாக்கும். அப்படிப்பட்ட நாய் காரில் வாந்தி எடுத்தால் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். அந்த வாயு பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஆபத்து.

இனி நம் 10 கிலோ நாய்க்கு வருவோம். இரண்டு மணி நேரத்தில் மருத்துவரிடம் வந்துவிட்டது, வாந்தியில் பச்சை நிறக் கட்டித் துண்டுகள் வந்தன. அடுத்து இரண்டு வழிகள் உண்டு. எவ்வளவு வெளியே வந்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அன்றே விட்டமின் கே1 தொடங்கலாம். அல்லது மருந்து எதுவும் கொடுக்காமல், 48-ஆவது, 72-ஆவது மணி நேரங்களில் ரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பார்க்கும் பி.டி. பரிசோதனை செய்யலாம். இரண்டையும் கலக்கக்கூடாது. முதல் நாளே ஒரு விட்டமின் கே ஊசி போட்டுவிட்டு மூன்றாம் நாள் சோதித்தால் முடிவு நன்றாகத்தான் இருக்கும். அந்த ஊசி தள்ளிப்போட்ட ஆபத்து அதன் பிறகு வரும். "ஊசி போட்டாச்சு, டெஸ்ட்டும் நார்மல்" என்று வீட்டுக்குப் போன நாய் பத்தாம் நாள் ரத்தம் கசிந்து திரும்பி வருவது இப்படித்தான்.

மருந்து தொடங்கினால் அளவு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 2.5 முதல் 5 மி.கி., அதாவது இந்த நாய்க்கு 25 முதல் 50 மி.கி. எதைத் தேர்வது என்பது மருத்துவர் முடிவு. விட்டமின் கே கொழுப்பில் கரைவது, அதனால் கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் பலமடங்கு நன்றாக உடலில் சேரும். கே1 கிடைக்கவில்லை என்று கே3 வாங்கிக் கொடுப்பது வீண். அது இந்த விஷத்துக்கு வேலை செய்யாது, அதிக அளவில் தானே நஞ்சு. சத்து மாத்திரையில் இருக்கும் மைக்ரோகிராம் கணக்கு விட்டமின் கேயும் எந்த மூலைக்கும் காணாது.

யாரும் பார்க்காமல் தின்றுவிட்டால்? அப்போது அறிகுறிகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவை ஏமாற்றும். மூக்கில் ரத்தம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். பல நாய்களில் கசிவு நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும்தான். அதனால் முதலில் தெரிவது இருமல், மூச்சிரைப்பு, படுத்தே கிடப்பது. மூட்டுக்குள் கசிந்தால் அடிபட்டதுபோல நொண்டும். அதைப் பார்த்து வலி மாத்திரை கொடுத்தால் ரத்தக் கசிவு இன்னும் கூடும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். ஈறே வெளுத்திருந்தால் நாயை நடத்தாமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரம். இந்தக் கட்டத்தில் விட்டமின் கே மட்டும் போதாது. அது கிடைத்த பிறகும் கல்லீரல் புதுக் காரணிகளைத் தயாரிக்கப் பல மணி நேரமாகும். அதுவரை தாக்குப்பிடிக்க பிளாஸ்மாவோ முழு ரத்தமோ ஏற்ற வேண்டும்.

விரியன் வகைப் பாம்பு கடித்தாலும் ரத்தம் உறையாமல் போகும், அதனால் இரண்டையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். வழி நேர் எதிர். எலி விஷம் காரணிகளின் தயாரிப்பை நிறுத்துகிறது. விரியனின் நஞ்சு, இருக்கும் காரணிகளைத் தாறுமாறாகத் தூண்டிவிட்டு சில மணி நேரத்திலேயே செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. கூடவே கடித்த முகமோ காலோ வீங்கும், வலிக்கும். அங்கே விட்டமின் கே பயனற்றது, பாம்பு நஞ்சுமுறி மருந்து ஒன்றே வழி. கட்டுப்போடுவது, கீறிவிடுவது, உறிஞ்சுவது எல்லாம் நேரத்தை வீணாக்கிப் புண்ணைப் பெரிதாக்கும். அசையாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

எலி விஷ நாய்க்கு இரண்டாம் தலைமுறை விஷம் என்றால் சிகிச்சை பெரும்பாலும் நான்கு வாரம். இடையில் துள்ளிக் குதிக்க விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தாம் நாளே நாய் முழுத் தெம்போடு இருக்கும், மாத்திரையை நிறுத்தத் தோன்றும். நிறுத்தினால் கல்லீரலில் தங்கியிருக்கும் விஷம் மறுபடி நொதியைப் பிடிக்கும், கையிருப்பு மறுபடி கரையும், சில நாளில் கசிவு திரும்பும். கடைசி மாத்திரை கொடுத்த 48 மணி நேரம் கழித்து பி.டி. பார்த்தால்தான் விஷம் தீர்ந்ததா என்று தெரியும். நேரம் நீண்டிருந்தால் இன்னும் சில வாரம் மாத்திரை, அப்புறம் அதே சோதனை. கடைசி மாத்திரையின் நாளைத் தேர்ந்தெடுக்கும்போதே, அந்த 48-ஆவது மணி நேரம் மருத்துவமனை மூடியிருக்கும் விடுமுறை நாளில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.