அடைவுச் சீட்டு: சொல்லும் கணக்கும்

வெள்ளவத்தையில் மாமி ஒருவர் தன் சங்கிலியை மீட்கப் போகுமுன் சீட்டை என்னிடம் நீட்டி, "தம்பி, இந்த போனிங் சீட்டில வட்டி எவ்வளவு வரும் எண்டு பாருமன்" என்றார். கொழும்பில் 'போனிங்' என்ற ஆங்கிலச் சொல்தான் வாயில் முதலில் வருகிறது. அதற்கு நம்மிடம் அடகு, அடைவு, ஈடு என்று மூன்று சொற்கள் உண்டு. இவற்றுள் 'ஈடு' என்றால் சமமாக நிற்பது. வாங்கிய பணத்துக்குச் சமமாக வைக்கும் பொருள் என்ற கருத்தில் அது இங்கே பெரும்பாலும் காணிக்கும் வீட்டுக்கும் ஒதுங்கிவிட்டது. அரச ஈட்டு முதலீட்டு வங்கி என்ற பெயரே அதைக் காட்டும். நகைக்கு அடகு அல்லது அடைவு என்பதே பொருந்தும். கன்னடத்தில் இதே பொருளில் 'அடவு' உண்டு. சங்கப் பாட்டுகளில் வரும் 'அடகு' வேறு, அது இலைக்கறி. ஆகவே போனிங் சீட்டு என்பதை அடைவுச் சீட்டு என்றே சொல்லலாம். வீட்டில் அப்படித்தான் சொல்லி வந்தோம்.

சீட்டைப் பார்த்ததும் பலர் தடுமாறுவது எடையில்தான். மாமியின் சீட்டில் மொத்த எடை 26.400 கிராம், நிகர எடை 24.000 கிராம் என்று இரண்டு இருந்தன. கல்லுக்கும் அரக்குக்கும் 2.400 கிராம் கழித்திருக்கிறார்கள். நிகர எடையை 8ஆல் வகுத்தால் 3 பவுன். இங்கே ஒரு பவுன் என்பது 8 கிராம். 'பவுண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லே பவுனாயிற்று. 'போனிங்' என்பதோடு ஒலி ஒத்திருந்தாலும் இரண்டுக்கும் உறவில்லை. நிகர எடையையும் கரட்டையும் வைத்து மதிப்பீட்டுத் தொகை போடுகிறார்கள். அதில் ஒரு பகுதியை முற்பணமாகக் கையில் தருகிறார்கள். எடையின் வேலை அத்துடன் முடிகிறது. வட்டி ஓடுவது முற்பணத்தின் மேல் மட்டுமே.

மாமியின் சீட்டில் மதிப்பீடு 6,00,000 ரூபா, முற்பணம் 4,50,000 ரூபா, வட்டி வீதம் ஆண்டுக்கு நூற்றுக்கு 18. வைத்த நாள் 05/03/2025, மீட்கப்போன நாள் 20/07/2025. மார்ச்சில் 26, ஏப்ரலில் 30, மேயில் 31, ஜூனில் 30, ஜூலையில் 20 என்று கூட்டினால் 137 நாள். முற்பணத்துக்கு ஓராண்டு வட்டி 81,000 ரூபா. அதை 137ஆல் பெருக்கி 365ஆல் வகுத்தால் 30,402 ரூபா 74 சதம். மாமி வீட்டில் மதிப்பீட்டின் மேல் போட்டுப் பார்த்து 40,537 ரூபா என்று பயந்திருந்தார். பத்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம்.

திகதியும் ஏமாற்றும். 05/03 என்பதை மே 3 என்று வாசித்தால் 78 நாள்தான் வரும். வட்டி 17,310 ரூபாவாகச் சுருங்கிவிடும். கையில் அந்தக் காசை மட்டும் கொண்டுபோனால் நகை திரும்பாது. சீட்டில் முடிவுத் திகதியும் இருந்தால் அதையும் சேர்த்துப் பார்த்தால் எது நாள், எது மாதம் என்று தெளியும்.

அடுத்தது, காலத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பது. நாள் கணக்கென்றால் மேலே போட்டதுதான். வைத்த நாளையும் சேர்த்து எண்ணினால் இன்னும் 222 ரூபா கூடும். மாதக் கணக்கென்றால் நூற்றுக்கு ஒன்றரை வீதம் மாதம் 6,750 ரூபா. நான்கு மாதமும் பதினைந்து நாளும் கழிந்திருக்க, தொடங்கிய மாதத்தை முழுமாதமாக எடுத்தால் ஐந்து மாதத்துக்கு 33,750 ரூபா. வீதம் ஒன்றே, ஆனாலும் 3,347 ரூபா கூடுதல். எந்தக் கணக்கென்று சீட்டின் பின்புறத்துச் சிறு எழுத்து நிபந்தனைகளில் தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லையானால் கடையிலேயே வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். செட்டியார் தெருவிலும் கேட்கலாம், வங்கியிலும் கேட்கலாம். வீதத்தின் பக்கத்தில் 'மாதம்' என்றிருக்கிறதா 'ஆண்டு' என்றிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

'வட்டி' என்ற சொல், வளர்ச்சி என்னும் பொருளுள்ள 'விருத்தி' பிராகிருத வழியாக வந்த வடிவம் என்பர். கல்வெட்டுகளில் இதற்கு 'பொலிசை' என்ற அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது. பொலிதல் என்றால் பெருகுதல். களத்தில் நெல் குவியும்போது 'பொலி' என்று கூவுவதும் அதுவே. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலக் கல்வெட்டுகள் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று சொல்கின்றன. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, அதாவது நூற்றுக்கு 12.5. முதல் எவ்வளவு, காலம் எவ்வளவு, வீதம் எவ்வளவு என்ற மூன்றும் ஒரே வரியில் நிற்கின்றன. அடைவுச் சீட்டிலும் நாம் தேடுவது அந்த மூன்றைத்தான்.

எடைக்கு இன்னொருமுறை வேலை வருவது மீட்கும்போது. மாமி பணத்தைக் கட்டிய பிறகு, "ஒருக்கா தராசில வச்சுக் காட்டுங்கோ" என்று கேட்டார். அங்கே ஒத்துப் பார்க்க வேண்டியது 24.000 அல்ல, கல்லோடும் அரக்கோடும் நிறுத்த 26.400.