சிங்கப்பூரில் இருந்துகொண்டு சென்னை வீட்டுக்கு வாடகை ரசீது எழுதுவது எப்படி

ஜனவரி பிறந்துவிட்டால் சென்னையில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சிங்கப்பூர்வாசிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்துவிடும்: "சார், ஆபீஸ்ல ஹெச்ஆர்ஏ ப்ரூஃப் கேக்குறாங்க. ஏப்ரல்ல இருந்து ரசீது போட்டு அனுப்பிடுங்க, உங்க பான் நம்பரும் வேணும்." உடனே இணையத்தில் ஒரு மாதிரிப் படிவத்தைத் தேடி எடுத்து, பெயரையும் தொகையையும் நிரப்பி அனுப்பிவிடுகிறோம். அந்தப் படிவங்கள் பெரும்பாலும் உரிமையாளரும் இந்தியாவிலேயே இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நாம் இங்கே இருப்பதால் ரசீதில் கூடுதலாக இரண்டு வரிகள் எழுத வேண்டும். அவை இல்லாமல் போனால் வாடகைக்காரருக்குத்தான் நஷ்டம்.

முதலில் அவருக்கு ரசீது எதற்கு என்று பார்த்துவிடலாம். சிங்கப்பூரில் முதலாளி வீட்டு வாடகைக்கென்று ரொக்கப்படி கொடுத்தால் அது முழுக்க வரிக்குரிய வருமானம். அதனால் இங்கே சம்பளக்காரர் யாரும் வரிச்சலுகைக்காக ரசீது கேட்டு அலைவதில்லை. ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டி, மாதாமாதம் பேநவ்வில் பணம் அனுப்பினால் வேலை முடிந்தது. இந்தியாவில் பழைய வரிமுறையில் இருக்கும் சம்பளக்காரருக்கு ஹெச்ஆர்ஏ எனப்படும் வீட்டு வாடகைப்படியில் ஒரு பகுதிக்கு வரி கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தச் சலுகை இல்லை. ஆக, உங்கள் வாடகைக்காரர் ரசீது கேட்கிறார் என்றாலே அவர் பழைய வரிமுறையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

சலுகை எவ்வளவு என்பதற்கு மூன்று தொகைகளைக் கணக்கிட்டு, அவற்றில் குறைந்ததை எடுப்பார்கள். ஒன்று, உண்மையில் வாங்கும் வாடகைப்படி. இரண்டு, கொடுத்த வாடகையில் இருந்து அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையின் 10 சதவீதத்தைக் கழித்தால் வருவது. மூன்று, அதே சம்பளத்தில் 50 சதவீதம். சென்னைக்கு 50. கோவை, மதுரை, திருச்சி என்றால் 40. நாம் எழுதும் ரசீது இரண்டாவது கணக்கில்தான் போய் உட்காருகிறது.

இப்போது நம் பக்கத்துச் சிக்கலுக்கு வருவோம். வரிச் சட்டப்படி வீட்டு உரிமையாளர் வெளிநாட்டுவாசி என்றால், வாடகை கொடுப்பவர் ஒவ்வொரு மாதமும் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்ப வேண்டும். "மாச வாடகை ஐம்பதாயிரத்தைத் தாண்டினால்தானே டிடிஎஸ்?" என்று வாடகைக்காரர் கேட்பார். அந்த வரம்பு உரிமையாளர் இந்தியாவில் வசிக்கும்போது மட்டும். வெளிநாட்டுவாசி உரிமையாளருக்குக் கீழ்வரம்பே கிடையாது. எட்டாயிரம் ரூபாய் வாடகைக்கும் பிடித்தம் உண்டு. விகிதம் 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ், ஆக 31.2 சதவீதம். பழைய சட்டத்தில் இது 195ஆம் பிரிவு. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. எல்லோருக்கும் பழகிய பழைய எண்களையே இங்கே சொல்கிறேன்.

வெளிநாட்டுவாசி என்பதைப் பாஸ்போர்ட் தீர்மானிப்பதில்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருந்தாலும், பிஆர் ஆக இருந்தாலும், அந்த நிதியாண்டில் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதுதான் கணக்கு. வேலைக்காக நவம்பரில் சிங்கப்பூர் வந்தவர் அதற்கு முன்பே இந்தியாவில் 182 நாளைத் தாண்டியிருப்பார். அந்த ஆண்டுக்கு அவர் உள்நாட்டுவாசிதான். அடுத்த ஏப்ரலில் இருந்து ரசீது மாற வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீடு, மாத வாடகை 25,000 ரூபாய். உரிமையாளர் புங்கோலில் குடியிருக்கிறார். வாடகைக்காரரின் அடிப்படைச் சம்பளம் அகவிலைப்படியோடு 50,000, வாடகைப்படி 25,000. வாடகையில் 31.2 சதவீதம் என்பது 7,800. அதை அவர் அரசுக்குக் கட்டிவிட்டு, உரிமையாளரின் என்ஆர்ஓ கணக்குக்கு 17,200 அனுப்புகிறார்.

ரசீதில் எந்தத் தொகையை எழுதுவது? வங்கிக் கணக்கில் வந்தது 17,200 தானே என்று அதை மட்டும் எழுதுபவர்கள் உண்டு. நேர்மையான மனசுதான், ஆனால் தவறான ரசீது. பிடித்த வரியும் உரிமையாளரின் வாடகைதான். அவர் சார்பில் அரசுக்குப் போயிருக்கிறது, அவ்வளவே. ரசீதில் 25,000 இருந்தால் வாடகைக்காரரின் இரண்டாவது கணக்கு 25,000 கழித்தல் 5,000, அதாவது மாதம் 20,000. 17,200 என்று இருந்தால் அதுவே 12,200 ஆகிவிடும். ஆண்டுக்கு 93,600 ரூபாய் சலுகை காணாமல் போகிறது. அவர் 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால், செஸ்ஸும் சேர்த்து ஏறக்குறைய 19,500 ரூபாய் கையிலிருந்து போகும். ரசீதில் ஒரு வரி விட்டுப்போனதற்கு இது கொஞ்சம் அதிகமான விலை.

ஆகவே ரசீது இப்படி இருக்க வேண்டும். நிறுவனங்கள் வழக்கமாக ஆங்கிலத்தில்தான் எதிர்பார்க்கும், விவரம் இதுதான்:

வாடகை ரசீது
ரசீது எண்: 5 / 2025–26
தேதி: 5 செப்டம்பர் 2025
வாடகைக்காரர்: (சம்பளப் பட்டியலில் உள்ளபடி பெயர்)
வீட்டின் முகவரி: (கதவு எண், குடியிருப்பின் பெயர், தெரு, வேளச்சேரி, சென்னை, அஞ்சல் குறியீடு)
எந்த மாதத்துக்கு: ஆகஸ்ட் 2025
மாத வாடகை: ரூ. 25,000 (ரூபாய் இருபத்தைந்தாயிரம் மட்டும்)
கழித்தது, வெளிநாட்டுவாசிக்கான வரிப் பிடித்தம் 31.2%: ரூ. 7,800
வங்கியில் பெற்றது: ரூ. 17,200
பெற்ற விதம்: என்ஆர்ஓ கணக்கில் வங்கிப் பரிமாற்றம், தேதி, பரிமாற்ற எண்
உரிமையாளர்: பெயர், பான் எண், சிங்கப்பூர் முகவரி
கையொப்பம்

ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணை வாடகைக்காரர் தன் நிறுவனத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும். 12பிபி என்ற படிவத்தில் உரிமையாளரின் பெயர், முகவரியோடு அதை எழுதித் தருவார். சென்னையில் அநேகமாக எல்லா வாடகையும் இந்த வரம்புக்கு மேல்தான் என்பதால் பான் எண்ணை ரசீதிலேயே போட்டுவிடுவது நல்லது.

முகவரி வரியில் ஒரு சபலம் உண்டு. சிங்கப்பூர் முகவரி எழுதினால் வாடகைக்காரரின் நிறுவனம் "டிடிஎஸ் பிடித்தீர்களா?" என்று கேட்கும், அப்பா வீட்டு முகவரியைப் போட்டுவிட்டால் கேள்வியே வராது. அப்பா பெயரிலேயே ரசீது போட்டு, அவர் பான் எண்ணைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வீடு யார் பெயரில், ஒப்பந்தம் யாரோடு, பணம் யார் கணக்கில், பான் எண் யாருடையது என்று நாலும் ஒரே ஆளைக் காட்ட வேண்டும். வரித்துறை விளக்கம் கேட்டால் முதலில் ஒப்பிடுவது இவற்றைத்தான். கேள்வி போகும் இடமும் வாடகைக்காரரிடம்தான்: வரி பிடிக்காத குற்றம் சட்டப்படி அவருடையது, பிடிக்க வேண்டிய வரியோடு மாதத்துக்கு ஒரு சதவீத வட்டியும் அவர் தலையில் விழும். நாம் வெளிநாட்டில் இருப்பதை மறைத்து அவரை மாட்டிவிடுவது நியாயமில்லை. ஒப்பந்தம் போடும்போதே, "நான் வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசி" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்பா உங்களுக்காகக் கையெழுத்துப் போடலாம், அதற்கு முறையான அதிகாரப் பத்திரம் இருந்தால். அப்போதும் உரிமையாளர் பெயரும் பான் எண்ணும் உங்களுடையதே.

ரெவின்யூ ஸ்டாம்ப் பற்றிக் கேட்பார்கள். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் ஒரு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். வங்கி வழியாக வந்த பணத்துக்கு அதை யாரும் வற்புறுத்துவதில்லை. தேக்கா பக்கம் போய்த் தேட வேண்டாம்.

வாடகையில் எதைச் சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். 25,000 வாடகையும் 3,000 பராமரிப்புக் கட்டணமும் சேர்த்து 28,000 என்று ஒரே வரியில் எழுதித் தரச் சொல்வார்கள். பராமரிப்பு, மின்கட்டணம், தண்ணீர் லாரிக் காசு எதுவும் வாடகை ஆகாது. ஒப்பந்தத்தில் 25,000 என்று இருக்க, ரசீதில் 28,000 இருந்தால் ஹெச்ஆர் திருப்பி அனுப்பிவிடும். முன்பணத்துக்கு வேண்டுமானால் தனி ரசீது கொடுங்கள். மாத ரசீதில் அது வரக்கூடாது. அப்புறம், ரசீதுத் தேதி பணம் வந்த பிறகுதான் இருக்க வேண்டும். ஐந்தாம் தேதி வந்த பணத்துக்கு ஒன்றாம் தேதி ரசீது இருந்தால், பன்னிரண்டையும் ஒரே உட்காரலில் எழுதியது அப்படியே தெரியும்.

வாடகைக்காரர் தயங்குவது பெரும்பாலும் இந்த வரி வேலைக்குப் பயந்துதான். அவர் 49பி படிவத்தில் விண்ணப்பித்து, வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்க வேண்டும். பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 27கியூ என்ற கணக்குத் தாக்கல். அதன்பின் உங்களுக்கு 16ஏ சான்றிதழ் தர வேண்டும். ஊரில் ஒரு ஆடிட்டரைப் பிடித்து இந்த வேலையை ஒப்படைத்து, அந்தச் செலவை நாம் ஏற்றுக்கொள்வதுதான் என் பார்வையில் சரி. நாம் வெளிநாட்டில் இருப்பதால் வரும் வேலை அது.

மாதம் 7,800 பிடிப்பது உரிமையாளருக்கும் வலிக்கும், ஏனென்றால் உண்மையான வரி அவ்வளவு இருக்காது. ஆண்டு வாடகை 3,00,000. அதில் 30 சதவீதம் பொதுக் கழிவு போக 2,10,000. இந்தியாவில் வேறு வருமானம் இல்லை என்றால் இது அடிப்படை விலக்கு வரம்புக்குள் அடங்கிவிடுகிறது, வரி பூஜ்யம். பிடித்த 93,600 ரூபாயும் திரும்ப வர வேண்டிய பணம். இதைத் தவிர்க்க 13ஆம் படிவத்தில் விண்ணப்பித்து, குறைந்த அல்லது பூஜ்யப் பிடித்தச் சான்றிதழ் வாங்கலாம். அது வாடகைக்காரரின் டான் எண்ணோடு சேர்த்து, அந்த ஒரு நிதியாண்டுக்கு மட்டும் தரப்படும். சான்றிதழ் வந்த மாதத்திலிருந்து ரசீதில் 31.2% என்ற இடத்தில் புதிய விகிதத்தையும் சான்றிதழ் எண்ணையும் எழுதுங்கள். மாத வாடகை என்ற இடத்தில் அப்படியே 25,000 தான்.

சான்றிதழ் வாங்காதவர்கள் ஐடிஆர்-2 படிவத்தில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். ஏப்ரலிலேயே அவசரப்பட்டுத் தாக்கல் செய்யாதீர்கள். கடைசி மூன்று மாதத்துக்கான 27கியூ தாக்கலுக்கு மே 31 வரை அவகாசம் இருப்பதால், ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரி, உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் கணக்கில் ஜூனில்தான் தெரியவரும். பன்னிரண்டு ரசீதுகளிலும் உள்ள பிடித்தத் தொகையைக் கூட்டி, 26ஏஎஸ்ஸில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத் தாக்கல் செய்யுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் எந்த மாதத்து வரி விட்டுப்போயிருக்கிறது என்பதை ரசீதுகளே காட்டிவிடும். உங்கள் ஐடிஆருக்குக் கடைசி நாளான ஜூலை 31க்குள் வாடகைக்காரர் 27கியூவைத் திருத்தித் தாக்கல் செய்ய நேரம் கிடைக்கும்.