ஈசாப் பங்குக்கு இரண்டு வரி: எக்சர்சைஸ் செய்யும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று

ஊழியர்கள் குறித்த விலையில் பங்கு வாங்கிக்கொள்ளக் கம்பெனி தரும் உரிமைதான் ஈசாப். அந்த உரிமையைப் பணம் கட்டிப் பயன்படுத்துவது எக்சர்சைஸ். இப்படிக் கிடைக்கும் பங்குகளுக்கு இந்தியாவில் இரண்டு கட்டங்களில் வரி வருகிறது. ஆனால் ஒரே பணத்துக்கு இரண்டு தடவை வரி கிடையாது. சந்தை விலையைவிடக் குறைவாகப் பங்கு கிடைத்ததே, அந்த வித்தியாசம் சம்பளமாகக் கணக்காகும். அதற்குப் பிறகு விலை ஏறினால், ஏறிய அளவு மட்டும் விற்கும்போது மூலதன ஆதாயமாகும். இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு எண்: எக்சர்சைஸ் செய்த நாளில் பங்கின் சந்தை மதிப்பு. அந்த எண்ணைக் குறித்து வைக்காதவர்கள்தான் ஏற்கெனவே வரி கட்டிய தொகைக்கு மறுபடியும் வரி கட்டுகிறார்கள்.

முதலில், எப்போது வரி இல்லை என்பதைச் சொல்லிவிடலாம். ஆப்ஷன் கொடுத்ததாகக் கடிதம் வரும் நாளில் (கிராண்ட்) வரி இல்லை. ஆண்டுகள் போகப்போக அந்த உரிமை உங்களுக்கு உறுதியாகும் நாளிலும் (வெஸ்டிங்) வரி இல்லை. உங்கள் கையில் இருப்பது பங்கை வாங்கும் உரிமைதான், பங்கு அல்ல. பணம் கட்டி அந்த உரிமையைப் பயன்படுத்தி, பங்கு உங்கள் பெயருக்கு வரும்போதுதான் வரி தொடங்குகிறது.

சென்னையில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய கம்பெனி இந்தியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அவரிடம் வெஸ்ட் ஆன ஆப்ஷன்கள் 1,000. ஒன்றுக்கு எக்சர்சைஸ் விலை 100 ரூபாய். 2024 ஆகஸ்ட் 12 அன்று ஒரு லட்ச ரூபாய் கட்டி எல்லாவற்றையும் எக்சர்சைஸ் செய்கிறார். அன்று சந்தையில் பங்கு 596 ரூபாயில் தொடங்கி 604 ரூபாயில் முடிகிறது. பட்டியலிட்ட பங்குக்கு அன்றைய தொடக்க விலை, முடிவு விலை இரண்டின் சராசரிதான் சந்தை மதிப்பு என்று வருமான வரி விதி 3(8) சொல்கிறது. ஆக, பங்குக்கு 600 ரூபாய்.

அவர் கட்டியது 100, மதிப்பு 600. வித்தியாசம் 500 ரூபாய் வீதம் 1,000 பங்குக்கு 5 லட்சம். இதைத்தான் பெர்க்விசிட் என்கிறார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17(2) பிரிவில் இது வருகிறது. மாதச் சம்பளத்தோடு சேர்ந்து ஸ்லாப் விகிதத்தில் வரி போடப்படும். அவர் 30 சதவீத ஸ்லாபில் இருந்தால், 4 சதவீத செஸ் சேர்த்து 1,56,000 ரூபாய். இதைக் கம்பெனியே டிடிஎஸ் ஆகப் பிடிக்க வேண்டும். சில கம்பெனிகள் அந்த மாதச் சம்பளத்தில் கழிக்கும். சில கம்பெனிகள் வரிப் பணத்தைக் கொடுத்தால்தான் பங்கை டீமேட்டில் வரவு வைப்போம் என்று சொல்லிவிடும். எப்படிப் பார்த்தாலும் ஒரு பங்குகூட விற்காத நிலையில் அவர் கையைவிட்டுப் போனது 2,56,000 ரூபாய். எக்சர்சைஸ் செய்யப் பணம் சேர்ப்பவர்கள் ஒரு லட்சத்தை மட்டும் எண்ணிக்கொண்டு, மிச்சத்தை மறந்துவிடுவதுண்டு. இந்த 5 லட்சம் சேர்ந்ததால் ஆண்டு வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜும் வரும். அப்படி எல்லையில் நிற்பவர்கள் ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் எக்சர்சைஸ் செய்யாமல் இரண்டு நிதியாண்டுகளாகப் பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அடுத்தது விற்பனை. கம்பெனி அவர் பெயருக்குப் பங்குகளை ஒதுக்கிய நாள், அதாவது அலாட்மென்ட் நாள், 2024 ஆகஸ்ட் 28. 2025 ஆகஸ்ட் 20 அன்று பங்கு 750 ரூபாய்க்கு விற்கிறது. அன்றே எல்லாவற்றையும் விற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆதாயம் எவ்வளவு? கட்டிய 100 ரூபாயைக் கழித்து 650 என்பது தவறு. பெர்க்விசிட் கணக்கிட எந்த மதிப்பை எடுத்தார்களோ அதுவே பங்கின் கொள்முதல் விலை என்று 49(2ஏஏ) பிரிவு சொல்கிறது. ஆகவே 750இல் 600 போக பங்குக்கு 150, மொத்தம் 1,50,000 ரூபாய். ஓர் ஆண்டுக்குள் விற்றதால் இது குறுகிய கால ஆதாயம். வரி 20 சதவீதம், செஸ் சேர்த்து 31,200 ரூபாய்.

அவர் இன்னும் மூன்று வாரம் பொறுத்து, செப்டம்பர் 10 அன்று அதே விலைக்கு விற்றிருந்தால்? பட்டியலிட்ட பங்கை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்ட கால ஆதாயம். ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். இங்கே மிஞ்சுவது 25,000 மட்டும். வரி செஸ்ஸோடு 3,250 ரூபாய்.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மதிப்பைக் கணக்கிடுவது எக்சர்சைஸ் நாளை வைத்து. ஆனால் 12 மாதத்தை எண்ணுவது அலாட்மென்ட் நாளிலிருந்து. இரண்டுக்கும் நடுவே சில நாள் முதல் சில வாரம் வரை இடைவெளி விழும். நம் உதாரணத்தில், எக்சர்சைஸ் நாளிலிருந்து எண்ணி ஆகஸ்ட் 20 அன்றே ஓர் ஆண்டு தாண்டிவிட்டது என்று நினைத்தால் கணக்கு தப்பும். எத்தனை ஆண்டு முன்னால் கிராண்ட் கிடைத்தது, எப்போது வெஸ்ட் ஆனது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. அலாட்மென்ட் கடிதத்தில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு விற்பது நல்லது.

இனி எங்கே தப்பு நடக்கிறது என்று பார்ப்போம். ஈசாப் பங்குகளை நீங்கள் புரோக்கர் மூலம் சந்தையில் வாங்கவில்லை. கம்பெனி நேரடியாக டீமேட்டில் வரவு வைத்தது. அதனால் புரோக்கருக்கு அவற்றின் விலை தெரியாது. விற்ற பிறகு வரும் மூலதன ஆதாய அறிக்கையில் கொள்முதல் விலை சுழியமாகவோ வெறுமையாகவோ இருக்கலாம், அல்லது நீங்களே பதியச் சொல்லிக் கேட்கும். கையிலிருந்து போனது 100 ரூபாய்தானே என்று பலரும் அதையே பதிந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நம் ஆள் ஆகஸ்ட் விற்பனைக்கு 6,50,000 ரூபாய் ஆதாயம் காட்டுவார். வரி 1,35,200 ரூபாய். கட்ட வேண்டியதைவிட 1,04,000 ரூபாய் கூடுதல். அது முழுக்க, சம்பளத்தில் ஏற்கெனவே வரி பிடித்த அந்த 5 லட்சத்துக்கான வரி. வருமான வரித் துறை இதைக் கண்டுபிடித்து உங்களுக்குச் சொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கூடுதலாகக் கட்டினால் யாரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை.

சரிபார்க்கும் வழி எளிது. எக்சர்சைஸ் செய்த ஆண்டின் படிவம் 16ஐயும் அதோடு வரும் படிவம் 12பிஏவையும் எடுங்கள். 12பிஏவில் பங்கு ஆப்ஷனுக்கென்று தனி வரிசை இருக்கும். அதிலுள்ள தொகையைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து, நீங்கள் கட்டிய எக்சர்சைஸ் விலையைக் கூட்டினால் சந்தை மதிப்பு வந்துவிடும். இங்கே 5,00,000ஐ 1,000ஆல் வகுத்தால் 500. அதோடு 100 சேர்த்தால் 600. ரிட்டர்னில் கொள்முதல் விலையாகப் போக வேண்டிய எண் அதுதான். ஒரே ஆண்டில் பல தடவை எக்சர்சைஸ் செய்திருந்தால் இந்த வழி சராசரியைத்தான் தரும். அப்போது ஒவ்வொரு தடவைக்குமான மதிப்பைக் கம்பெனியின் கணக்குத் தாளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வேலை மாறிப் போன பிறகு இந்தத் தாள்களைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு, ஆகவே எக்சர்சைஸ் செய்த வாரமே வாங்கிச் சேமித்துவிடுங்கள்.

விலை இறங்கினால் என்ன ஆகும் என்பதுதான் இந்த விதியின் கசப்பான பக்கம். நம் ஆள் விற்கும்போது விலை 450 ரூபாய்தான் என்று வையுங்கள். அவர் பார்வையில் 100 ரூபாய்க்கு வாங்கியதை 450க்கு விற்றிருக்கிறார். லாபம் மூன்றரை லட்சம். சட்டத்தின் பார்வையில் சம்பள வருமானம் 5 லட்சம், மூலதன நஷ்டம் 1,50,000. இந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. அன்று கட்டிய 1,56,000 ரூபாயில் ஒரு பைசாவும் திரும்பி வராது. வேறு மூலதன ஆதாயம் இருந்தால் அதில் கழிக்கலாம், இல்லையென்றால் எட்டு ஆண்டு வரை எடுத்துச் செல்லலாம். அதற்கும் ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். அதனால் வரி கட்டுவதற்குத் தேவையான அளவு பங்குகளையாவது உடனே விற்றுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. வரி ரொக்கமாகப் போய்விட்டது, பங்கு மட்டும் சந்தையின் கையில் இருக்கிறது என்ற நிலை பலருக்குத் தாங்காது.

பட்டியலிடாத கம்பெனியில் இந்தச் சங்கடம் இன்னும் கூடும். சந்தை விலை இல்லாததால் முதல் வகை மெர்ச்சன்ட் பேங்கர் ஒருவர் மதிப்பீடு செய்து தர வேண்டும். அந்த மதிப்பீடு எக்சர்சைஸ் நாளுக்கு 180 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. வரி உண்டு, விற்க ஆள் இல்லை. இதற்காகத்தான் 2020 பட்ஜெட்டில் ஸ்டார்ட்அப் ஊழியர்களுக்கு ஒரு தள்ளிவைப்பு வந்தது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் ஆவது, பங்கை விற்பது, வேலையை விடுவது இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ, அதிலிருந்து 14 நாளுக்குள் வரி போய்ச் சேர வேண்டும். 2024-25இல் கிடைத்த பங்குக்கு 48 மாதம் 2030 மார்ச்சில்தான் முடியும். ஆனால் ஸ்டார்ட்அப் என்று மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற எல்லாக் கம்பெனிக்கும் இது கிடையாது. 80-ஐஏசி பிரிவின் கீழ் தனிச் சான்றிதழ் பெற்றவற்றுக்கு மட்டும்தான். எச்ஆரிடம் இந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்றே நேராகக் கேளுங்கள். இது தள்ளிவைப்பு மட்டுமே, தள்ளுபடி அல்ல. வேலையை விட்டால் அந்த 14 நாளுக்குள் மொத்த வரியும் வந்து நிற்கும்.

விற்கும்போதும் பட்டியலிடாத பங்குக்குக் கணக்கு வேறு. நீண்ட காலம் என்பது 24 மாதம், விகிதம் 12.5 சதவீதம்தான் என்றாலும் 1,25,000 ரூபாய் விலக்கு கிடையாது. அதற்குள் விற்றால் 20 சதவீதம் அல்ல, உங்கள் ஸ்லாப் விகிதம். அமெரிக்கச் சந்தையில் மட்டும் பட்டியலிட்ட கம்பெனியின் பங்குக்கும் இதே கணக்குதான், ஏனென்றால் அது இந்தியச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்ற கம்பெனிகளின் சென்னை ஊழியர்களும் இதில் வருவார்கள். அவர்கள் ஒரு பங்கும் விற்காத ஆண்டிலும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பியே ஆக வேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால், அதன் பிறகான எக்சர்சைஸுக்கும் விற்பனைக்கும் பிரிவு எண்கள் மாறியிருக்கும். சம்பளம் ஒரு கட்டம், ஆதாயம் இன்னொரு கட்டம் என்ற அமைப்பு மாறவில்லை. 2026 மார்ச் வரை நடந்தவற்றுக்குப் பழைய சட்டமே. அந்த ஆண்டுகளின் ரிட்டர்னில் ஈசாப் பங்கைக் குறுகிய காலத்தில் விற்றவர்களும், பட்டியலிடாத பங்கை வெறுமனே கையில் வைத்திருந்தவர்களும், வரியைத் தள்ளிவைத்தவர்களும் ஐடிஆர்-1 படிவம் போடக் கூடாது. சம்பளமும் மூலதன ஆதாயமும் மட்டும் உள்ளவருக்கு ஐடிஆர்-2.